அப்பா அம்மாவுக்கு I-864: அமெரிக்க ஸ்பான்ஸர் படிவத்தில் எந்த வருமானம் செல்லும், எது செல்லாது

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மகனோ மகளோ ஊரில் இருக்கும் பெற்றோருக்கு கிரீன் கார்டு விண்ணப்பம் போடும்போது, I-130 மனு அங்கீகாரமான பிறகு வரும் பெரிய படி I-864. "இவர்களை நான் பார்த்துக்கொள்வேன், அரசாங்கத்துக்குப் பாரமாக விடமாட்டேன்" என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் அது. வெறும் உறுதிமொழிக் கடிதம் இல்லை, நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தம். என் அம்மாவுக்கு நானே நிரப்பியிருக்கிறேன், அப்புறம் உறவில் நாலைந்து பேருக்கு உடன் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறேன். எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பெற்றோர் விண்ணப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குப் பிள்ளைகள் கொடுக்கும் ஸ்பான்ஸர் படிவம் I-134. விசிட்டர் விசாவுக்கு அதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை, கொடுத்தாலும் I-864 மாதிரி சட்டப்படி கட்டுப்படுத்தாது. நிரந்தரமாக வருவதற்கு I-864தான். போன முறை அப்பா வந்தபோது கொடுத்த I-134ஐயே மறுபடி கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்க முடியாது.

வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணுவது

வருமானத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் தலைகளை எண்ண வேண்டும், ஏனென்றால் எவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது. நீங்கள் ஒன்று, மனைவி அல்லது கணவர் ஒன்று, 21 வயதுக்குக் கீழே மணமாகாத பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒன்று, வரித் தாக்கலில் உங்களைச் சார்ந்தவர்களாகக் காட்டியவர்கள் இருந்தால் அவர்கள், முன்பு நீங்கள் I-864 கையெழுத்துப் போட்டு இப்போது கிரீன் கார்டோடு இருப்பவர்கள், கடைசியாக இந்தப் படிவத்தில் வரப்போகிறவர். மனைவி சம்பாதிக்கிறாரா இல்லையா, பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்களா என்பதெல்லாம் எண்ணிக்கையை மாற்றாது.

பெற்றோர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அப்பாவுக்குத் தனி I-130, அம்மாவுக்குத் தனி I-130, ஆகவே I-864ம் இரண்டு. ஒருவர் மற்றவரின் விண்ணப்பத்தில் ஒட்டிக்கொண்டு வர முடியாது. படிவத்தின் 5ஆம் பகுதியில் இருக்கும் கட்டம், ஏற்கெனவே கிரீன் கார்டு பெற்றவர்களை மட்டும்தான் சேர்க்கச் சொல்கிறது. இருவருடைய விண்ணப்பமும் ஒன்றாக நகரும்போது அப்பாவின் படிவத்தில் அம்மா வரமாட்டார், அம்மாவின் படிவத்தில் அப்பா வரமாட்டார். எழுத்துப்படி அது சரி. ஆனால் முதலில் ஒருவர் உள்ளே போன நொடியில் மற்றவருக்கான எண்ணிக்கை ஒன்று ஏறிவிடும், நேர்காணலில் இருக்கும் அதிகாரியும் இருவரையும் சேர்த்துப் பார்க்கக்கூடும். அதனால் படிவத்தைப் படிவம் கேட்கிறபடி நிரப்புங்கள், உங்கள் கணக்கை மட்டும் இருவரையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கில் தேறினால் நிம்மதி.

எவ்வளவு வேண்டும்? அரசு ஒவ்வோர் ஆண்டும் வறுமைக்கோட்டு அளவு வெளியிடும், அதில் 125 சதவீதம் உங்கள் ஆண்டு வருமானம் இருக்க வேண்டும். பெருக்கிப் பார்க்கும் வேலை இல்லாமல் I-864P என்ற தாளில் அட்டவணையாகவே கிடைக்கும். 2025 தாளின்படி இருவருக்கு 26,437 டாலர், நால்வருக்கு 40,187, ஐவருக்கு 47,062, அறுவருக்கு 53,937. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தொகை கூடுதல். நீங்கள் படிவம் கொடுக்கும் நேரத்தில் அமலில் இருக்கும் தாளைத்தான் பார்க்க வேண்டும், போன வருஷம் நண்பர் அனுப்பிய படத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

மாதச் சம்பளக்காரருக்கு

கம்பெனியில் நிலையான வேலை, ஆண்டுக்கு 90,000 டாலர் சம்பளம், வீட்டில் ஐந்தாறு பேர் என்றால் உங்களுக்கு இந்தப் பகுதியோடு வேலை முடிந்தது. தேவையானது மூன்று. முதலாவது, ஐ.ஆர்.எஸ். தளத்தில் இலவசமாக எடுக்கும் கடைசி ஆண்டின் வரி டிரான்ஸ்கிரிப்ட். அங்கே பல வகை இருக்கும், நீங்கள் எடுக்க வேண்டியது `Tax Return Transcript`. பக்கத்திலேயே `Account Transcript` என்று ஒன்று இருக்கும், அவசரத்தில் அதை எடுத்துவிடுகிறார்கள், அதில் நீங்கள் தாக்கல் செய்த வருமானம் வரிவரியாக இருக்காது. இரண்டாவது, வேலையில் சேர்ந்த தேதி, பதவி, சம்பளம் மூன்றும் போட்டு கம்பெனி கொடுக்கும் கடிதம். மூன்றாவது, கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள். பின்னிரண்டும் எல்லோருக்கும் கட்டாயம் இல்லை, ஆனாலும் வைத்துவிடுங்கள். போன வருஷம் வேலை மாறியவருக்கு வரித் தாள் பழைய கதையைத்தான் சொல்லும், இன்றைய வருமானத்தைச் சொல்வது இந்தக் கடிதமும் சீட்டும்தான்.

டிரான்ஸ்கிரிப்ட் கொடுத்தால் W-2 தேவையில்லை. கணவன் மனைவி சேர்ந்து வரி தாக்கல் செய்திருந்து, உங்கள் வருமானத்தை மட்டும் காட்டித் தேறப்போகிறீர்கள் என்றால் W-2 வேண்டும், உங்கள் பங்கு எவ்வளவு என்று அதில்தான் பிரித்துத் தெரியும். டிரான்ஸ்கிரிப்டுக்குப் பதில் 1040 நகலைக் கொடுக்கிறவர்கள் W-2, 1099 எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சேர்க்க வேண்டும். மாநில வரித் தாக்கலை யாரும் கேட்பதில்லை, வைக்காதீர்கள்.

6ஆம் பகுதியில் இரண்டு வேறு கேள்விகள் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். ஒன்று, உங்களுடைய தற்போதைய ஆண்டு வருமானம், அதாவது இன்று இருக்கும் வேலையில் ஒரு வருஷத்துக்கு எவ்வளவு வரும் என்பது. இன்னொன்று, வரித் தாக்கலில் இருக்கும் மொத்த வருமானம், அது 1040 படிவத்தின் 9ஆம் வரி. இரண்டும் வேறாக இருந்தால் தப்பே இல்லை. வேறாக இருக்கும்போது காரணம் புரியும்படி தாள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சொந்தத் தொழில் என்றால்

சிக்கல் இங்கேதான். டல்லாஸில் இருக்கும் என் சித்தி மகன் கதையைச் சொல்கிறேன். கம்பெனி வேலையை விட்டுவிட்டு வேன் வாங்கி டெலிவரி ஒப்பந்த வேலை எடுத்துச் செய்துகொண்டிருக்கிறான். மனைவி குழந்தைகள் காப்பகத்தில் பகுதி நேர வேலை. இரண்டு பிள்ளைகள். சித்தப்பாவும் சித்தியும் திண்டுக்கல்லில். வருஷத்துக்கு 1,18,000 டாலர் வரவு, அதனால் ஸ்பான்ஸர் விஷயம் பிரச்சினையே இல்லை என்று இருந்தான். ஒருநாள் இரவு அவன் அனுப்பிய வரித் தாளைத் திறந்து பார்த்துவிட்டு நான்தான் போன் போட்டேன்.

"தம்பி, 1,18,000 உன் வருமானம் இல்லடா. ஷெட்யூல் சியில் 31ஆம் வரியைப் பார்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "39,400ன்னு இருக்கு அண்ணே. டீசல், வேன் தேய்மானம், போன், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் கழிச்சு வரியை நல்லா குறைச்சுக் கொடுத்தாரு நம்ம வரிக்காரரு."

அதேதான். சொந்தத் தொழில் செய்கிறவருக்குக் கையில் புரளும் பணம் கணக்கில் வராது, செலவு போக நிற்கும் லாபம்தான் வரும். அந்த லாபம்தான் ஷெட்யூல் சியிலிருந்து போய் 1040இன் மொத்த வருமானத்தில் சேரும். வரிக்காகக் கழித்த ஒவ்வொரு டாலரும் இங்கே குறையாக நிற்கும். கழித்தது உண்மையான செலவு என்றால் அதை மாற்ற வழியில்லை, மாற்றவும் கூடாது. பெற்றோரைக் கூப்பிடும் எண்ணம் இருந்தால் முந்தைய ஆண்டே தொழில் லாபம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.

இந்த ஆண்டு தொழில் கூடியிருக்கிறது என்றால் அதையும் காட்டலாம். இந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கு, ஒப்பந்தம் கொடுத்த கம்பெனியின் கடிதம், தொழில் கணக்கின் வங்கி அறிக்கை மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் மதிப்பு உண்டு. கணக்கு மட்டும் தனியாக இருந்தால், அதுவும் நீங்களே டைப் செய்தது என்றால், பெரிய பலம் கிடையாது.

மனைவியின் வருமானம், அப்பாவின் பென்ஷன்

மனைவி 11,200 டாலர் சம்பாதிக்கிறார். அதைச் சேர்க்க வேண்டுமென்றால் I-864A என்ற துணைப் படிவத்தில் கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும். சேர்ந்து வரி தாக்கல் செய்ததால் தானாகச் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். I-864A போடுகிறவர் குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருக்க வேண்டியதில்லை. மனைவி எச்-1பியில் இருந்தாலும் அவர் வருமானம் செல்லும். உங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன், தங்கை, 18 வயது நிரம்பிய மகன் ஆகியோரும் இப்படிக் கைகொடுக்கலாம். அப்படிச் சேர்க்கும்போது அவர்கள் தலையும் எண்ணிக்கையில் ஏறும்.

"அப்பாவுக்கு மாசம் 42,000 பென்ஷன் வருதே, அதைச் சேர்க்கக் கூடாதா?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான், ஆனால் பதில் இல்லை என்பதே. வரப்போகிறவரின் வருமானத்தைச் சேர்க்க இரண்டு நிபந்தனைகள். அது கிரீன் கார்டு கிடைத்த பிறகும் அதே இடத்திலிருந்து வந்துகொண்டிருக்க வேண்டும், அவர் ஏற்கெனவே உங்கள் வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். பென்ஷன் முதலாவதைத் தாண்டிவிடும், திண்டுக்கல்லில் இருக்கும் சித்தப்பா இரண்டாவதைத் தாண்ட முடியாது. இரண்டாவது நிபந்தனையிலிருந்து ஸ்பான்ஸரின் கணவனுக்கோ மனைவிக்கோ மட்டும்தான் விலக்கு, பெற்றோருக்கு அந்த விலக்கு கிடையாது.

நீங்கள் உணவு உதவி அட்டை மாதிரி, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவி ஏதாவது வாங்கியிருந்தால் அது வருமானமாகாது. ஓய்வூதியம், வாடகை, வட்டி, டிவிடெண்ட் ஆகியவை வருமானம்தான், தாள் இருக்க வேண்டும்.

இப்போது தம்பியின் கணக்கு. 39,400ம் 11,200ம் சேர்த்து 50,600. படிவப்படி ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஐந்து பேர், தேவை 47,062, தேறிவிட்டான். ஆறு பேராகப் பார்த்தால் தேவை 53,937, அங்கே 3,337 டாலர் குறைகிறது. இந்த ஓட்டையை அடைக்காமல் மும்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் குடியேற்ற விசா நேர்காணல் மும்பைத் துணைத் தூதரகத்தில்தான், இரண்டு வயதானவர்களை அவ்வளவு தூரம் அனுப்பி, இன்னொரு தாள் வேண்டும் என்று திருப்பி அனுப்பினால் அலைச்சல் அவர்களுக்கு.

குறையைச் சொத்தால் அடைப்பது

வருமானம் குறைந்தால் சொத்து காட்டலாம். பெற்றோர் விண்ணப்பத்தில் குறையும் தொகையைப் போல் ஐந்து மடங்கு சொத்து வேண்டும். குடியுரிமை பெற்றவர் தன் கணவனுக்கோ மனைவிக்கோ, 18 வயது கடந்த பிள்ளைக்கோ போடும்போது மூன்று மடங்கு போதும். தம்பிக்குக் குறைவது 3,337, ஐந்தால் பெருக்கினால் 16,685 டாலர்.

சொத்து உங்களுடையதாக இருக்கலாம், I-864A போட்டவருடையதாக இருக்கலாம், வரப்போகிற பெற்றோருடையதாகவும் இருக்கலாம். பென்ஷன் செல்லாது, ஆனால் அப்பாவின் வைப்புத்தொகை செல்லும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சித்தப்பா ஓய்வுபெற்றபோது போட்ட 18 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை சித்தியின் பெயரையும் சேர்த்துக் கூட்டாக இருந்தது. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 21,000க்கு மேல் வருகிறது. கூட்டுப் பெயரில் இருந்ததால் இரண்டு படிவத்திலும் 7ஆம் பகுதியில் காட்ட முடிந்தது. அப்பா பெயரில் மட்டும் இருந்திருந்தால் அம்மாவின் படிவத்தில் அவருடைய சொத்து என்று எழுத முடியாது.

வங்கியில் வாங்க வேண்டியது வெறும் பாஸ்புக் நகல் இல்லை. கணக்கு தொடங்கிய தேதி, யார் யார் பெயரில், இன்றைய தொகை எவ்வளவு என்று வங்கியின் தலைப்புத் தாளில் முத்திரையோடு கடிதம், அதோடு கடைசி 12 மாத வரவு செலவு அறிக்கை. போன வாரம் திடீரென்று விழுந்த 20 லட்சம் சந்தேகத்தைத்தான் கிளப்பும். நிலம் விற்று வந்த பணம் என்றால் கிரயப் பத்திர நகலை உடன் வையுங்கள்.

நிலத்தையும் வீட்டையும் காட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். காட்டலாம். ஆனால் ஒரு வருஷத்துக்குள் பணமாக்கி அமெரிக்காவுக்குக் கொண்டுவர முடிய வேண்டும், கடன் இருந்தால் கழித்துத்தான் மதிப்பு. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா இவ்வளவும் வேண்டும், தமிழில் இருப்பதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். சித்தப்பாவுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் இரண்டு ஏக்கர் இருக்கிறது, அதைத்தான் முதலில் காட்டுவதாக இருந்தார்கள். பட்டாவை வாங்கிப் பார்த்தால் கூட்டுப் பட்டா, அதிலும் காலமான பெரியப்பா பெயர் இன்னும் இருக்கிறது, பாகப்பிரிவினையே நடக்கவில்லை. அந்த நிலத்தை ஒரு வருஷத்தில் விற்க முடியும் என்று நானே நம்பமாட்டேன், அதிகாரி எப்படி நம்புவார்? வைப்புத்தொகை இருக்கும்போது நிலத்துக்குள் போகாதீர்கள். நகைகளும் அப்படித்தான், மதிப்பையும் உடைமையையும் நிரூபிப்பதற்குள் களைத்துப்போவீர்கள். உங்களிடம் ஒரே ஒரு கார் இருந்தால் அதைச் சொத்தாகக் காட்ட முடியாது.

கூட்டு ஸ்பான்ஸர்

சொத்தும் இல்லை என்றால் கூட்டு ஸ்பான்ஸர். 18 வயது நிரம்பி, அமெரிக்காவில் வசிக்கும் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ள யாரும் ஆகலாம், உறவாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எச்-1பியில் இருக்கும் மச்சான் எவ்வளவு சம்பாதித்தாலும் ஆக முடியாது. இங்கே நடக்கும் பெரிய தவறு, இரண்டு பேர் வருமானத்தையும் கூட்டிப் பார்ப்பது. உங்களுக்குக் குறையும் 3,000 டாலரை அவர் தந்தால் போதும் என்று இல்லை. அவர் வீட்டுத் தலைகளோடு உங்கள் பெற்றோரையும் சேர்த்து எண்ணி, அந்த முழுத் தொகையை அவர் தனியாகத் தாண்ட வேண்டும். அவர் தாண்டினாலும் மனு போட்ட நீங்களும் உங்கள் I-864ஐக் கொடுத்தே ஆக வேண்டும், வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் கொடுக்க வேண்டும்.

யாரிடமும் இதைக் கேட்பதற்கு முன்னால் அவர் எதில் கையெழுத்துப் போடுகிறார் என்று உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள், உறவு என்பதற்காகச் சொல்லாமல் விடுவது பெரிய துரோகம். வருகிறவர் குடியுரிமை பெறும் வரை, அல்லது 40 காலாண்டுகள், ஏறக்குறைய பத்து வருஷம், வேலை செய்த கணக்கு சேரும் வரை, அல்லது கிரீன் கார்டை விட்டுவிட்டு நாட்டைவிட்டே போகும் வரை, அல்லது இறக்கும் வரை அந்தப் பொறுப்பு நிற்கும். 68 வயதில் வரும் பெற்றோருக்கு 40 காலாண்டு என்பது நடக்காத காரியம். இடையில் குடும்பத்துக்குள் மனஸ்தாபம் வந்தாலும், விவாகரத்தே ஆனாலும், கையெழுத்து கையெழுத்துதான். வீடு மாறினால் 30 நாளுக்குள் I-865 படிவத்தில் புது முகவரி சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

கையெழுத்தும் அனுப்புவதும்

நேஷனல் விசா சென்டருக்குக் கட்டணம் கட்டியதும் `ceac.state.gov` தளத்தில் படிவத்தையும் தாள்களையும் பதிவேற்றலாம். டைப் செய்து, அச்செடுத்து, பேனாவால் கையெழுத்துப் போட்டு, எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்யுங்கள். நோட்டரி வேண்டாம், அதற்கு யாரும் காசு செலவழிக்காதீர்கள். படிவத்தின் பதிப்புத் தேதி பக்கத்தின் அடியில் இருக்கும், யு.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் அன்றைக்கு எது செல்லும் என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள். அப்பாவின் படிவத்தை நகலெடுத்து அம்மாவுக்குப் பெயரை மட்டும் மாற்றும்போது, பிறந்த தேதியும் கேஸ் எண்ணும் பழையதே நின்றுவிடும். நான் என் அம்மாவுக்கு நிரப்பியபோது கட்டங்களில் ஒன்றைக் காலியாக விட்டு, அது திரும்பி வந்து இரண்டு மாதம் போனது. இப்போதெல்லாம் வேறொருவரை உட்கார வைத்து சத்தமாகப் படிக்கச் சொல்லிச் சரிபார்க்கிறேன்.

சென்டர் "தாள்கள் முழுமை" என்று சொல்வது, கேட்டதெல்லாம் வந்துவிட்டது என்பதை மட்டும்தான் சொல்கிறது. போதுமா என்று முடிவு செய்வது மும்பையில் இருக்கும் அதிகாரி. அவர் 125 சதவீதத்தோடு வயது, உடல்நிலையையும் சேர்த்துப் பார்க்கலாம். இடையில் ஏப்ரல் தாண்டிப் புது வரித் தாக்கல் முடிந்திருந்தால் புது டிரான்ஸ்கிரிப்டைப் பெற்றோர் கையில் கொடுத்து அனுப்புங்கள், வேலை மாறியிருந்தால் புதுக் கடிதமும் வேண்டும்.

சித்தப்பா சித்தி நேர்காணலுக்குப் போன பையில் இரண்டு உறைகள் வைத்தோம், நீலத்தில் அவர் பெயர், சிவப்பில் சித்தி பெயர். ஒவ்வொன்றிலும் முதலில் I-864, அப்புறம் I-864A, டிரான்ஸ்கிரிப்ட், ஷெட்யூல் சி, தம்பி மனைவியின் W-2, கடைசியில் வங்கிக் கடிதம். மேலே ஒரே ஒரு பக்கம்: வருமானம் 50,600, ஐந்து பேருக்குத் தேவை 47,062, ஆறு பேருக்குத் தேவை 53,937, குறை 3,337, அதற்கு ஐந்து மடங்கு 16,685, வைப்புத்தொகை 18 லட்சம் ரூபாய். அதிகாரி அந்தப் பக்கத்தைப் பார்த்தார், வங்கிக் கடிதத்தைக் கையில் வாங்கினார், "இந்தப் பணம் எப்போது போட்டது?" என்று சித்தியைக் கேட்டார். "இவர் ரிட்டயர் ஆன வருஷம்" என்று சித்தி சொன்னார், கடிதத்தில் இருந்த தேதியும் அதுதான்.